முந்தைய ஆய்வு ஒன்று சொல்ல, நம் ஆய்வு வேறொன்று சொன்னால்…

1950-இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த சுமார் 54,000 சிறுவர் சிறுமியர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போடப்பட்டது, மற்றவர்களுக்குப் போடப்படவில்லை. 20 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஊசி போட்டவர்களிடம் காசநோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைவாக இருந்தது.

1968-இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் 2,81,161 பேருக்கு, யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் தீர்மானித்து, பிசிஜியோ மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முதல் அறிக்கை 1979-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுத்ததாக அதில் எந்த அடையாளமும் இல்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பு முடிந்த பிறகும் அதே முடிவுதான்.

இந்த இடத்தில் ஆய்வாளர் எழுத உட்கார்கிறார். கணக்குகள் முடிந்துவிட்டன, அட்டவணைகள் தயார். இனி எழுத வேண்டியது ஆய்வறிக்கையின் ‘விவாதம்’ என்ற பகுதி. ‘நாங்கள் கண்டது இது; மற்றவர்கள் கண்டது அது; இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?’ என்பதற்கு அங்கேதான் பதில் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் பலரும் திணறுவது இந்தப் பகுதியில்தான். எடுத்துப் பார்க்கும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: ‘இந்த முடிவு முந்தைய ஆய்வுக்கு முரணாக உள்ளது. மக்கள்தொகை, வாழிடம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடு இதற்குக் காரணமாக இருக்கலாம்.’

இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த இரண்டு ஆய்வுக்கு நடுவிலும் இதைப் போட்டுவிடலாம். எந்த ஆய்வுக்கும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்கவில்லை. செங்கல்பட்டு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்துக்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.

முதலில், முரண்பாடு உண்மைதானா?

காரணம் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. முந்தைய ஆய்வில் ஒரு மருந்து நோயை 30 விழுக்காடு குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆய்விலும் தற்செயலால் எண் கொஞ்சம் அங்குமிங்கும் நகரும். அதனால் உண்மையான பலன் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டுச் சொல்வார்கள். அது இங்கே 10 முதல் 46 வரை. நம் ஆய்வில் அதே மருந்து 25 விழுக்காடு குறைத்தது. ஆனால் நம்மிடம் ஆட்கள் குறைவு, எனவே எல்லை அகலம்: கழித்தல் 10 முதல் 49 வரை. அதாவது மருந்து நோயைக் கொஞ்சம் கூட்டியிருக்கவும் வாய்ப்புண்டு, பாதியாகக் குறைத்திருக்கவும் வாய்ப்புண்டு. புள்ளியியல் மென்பொருள் முதல் ஆய்வை ‘முக்கியத்துவம் உள்ளது’ என்றும் நம் ஆய்வை ‘முக்கியத்துவம் இல்லாதது’ என்றும் காட்டும். உடனே மாணவர், ‘முந்தைய ஆய்வில் பலன் இருந்தது, எங்கள் ஆய்வில் இல்லை’ என்று எழுதி, அதற்கு நான்கு காரணங்களையும் அடுக்குவார்.

விளக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை. 30-உம் 25-உம் பக்கத்துப் பக்கத்து எண்கள். இரண்டு ஆய்வும் ஒன்றையேதான் சொல்கின்றன, ஒன்று உரக்கச் சொல்கிறது, மற்றது தயங்கிச் சொல்கிறது. ஒப்பிட வேண்டியது ‘உண்டு, இல்லை’ என்ற தீர்ப்புகளை அல்ல, பலனின் அளவையும் அதன் எல்லைகளையும்.

இதே சோதனையை பிசிஜிக்கு வைத்துப் பார்க்கலாம். பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நுரையீரல் காசநோய்க்கு இரண்டின் எண்களையும் ஒரே முறையில் தந்தது. ஊசி போடாதவர்களில் 100 பேருக்கு நோய் வரும் இடத்தில், பிரிட்டனில் ஊசி போட்டவர்களில் 22 பேருக்கு வந்தது, எல்லை 16 முதல் 31 வரை. செங்கல்பட்டில் 105 பேருக்கு, எல்லை 88 முதல் 125 வரை. ஒன்றின் மேல் எல்லை 31, மற்றதன் கீழ் எல்லை 88. இடையில் பெரிய வெற்றிடம். இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. விளக்கம் தேவைப்படும் உண்மையான முரண்பாடு இது.

அதே செங்கல்பட்டு ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. குழந்தைகளில் 27 விழுக்காடு பாதுகாப்பு என்று 15 ஆண்டுக் கணக்கு சொன்னது, எல்லை கழித்தல் 8 முதல் 50 வரை. இதை ‘குழந்தைகளுக்கும் பலன் இல்லை’ என்று எழுதினால் பிழை. பாதி நோயைத் தடுத்திருக்கும் வாய்ப்பை அந்த எண் மறுக்கவில்லை. ‘27 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது’ என்று அடித்துச் சொன்னாலும் பிழைதான், ஏனென்றால் பூஜ்யமும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. ‘குறைந்த அளவு பாதுகாப்பு இருந்திருக்கலாம், இந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்பதுதான் நேர்மையான வாக்கியம். ஒரே ஆய்வுக்குள் பெரியவர்கள் பற்றிய முடிவு உறுதியாகவும் குழந்தைகள் பற்றிய முடிவு தளர்வாகவும் இருக்கிறது. விவாதப் பகுதியின் குரலும் அந்தந்த இடத்தில் அப்படியே மாற வேண்டும்.

எந்த ஆய்வுகளோடு ஒப்பிடுவது?

செங்கல்பட்டு முடிவை பிரிட்டன் முடிவோடு மட்டும் நிறுத்திப் பார்த்தால், ஊரெல்லாம் பலன் தந்த ஊசி நம் ஊரில் மட்டும் தோற்றதுபோலத் தோன்றும். உண்மை நிலவரம் அதுவல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த ஆய்வில் கிடைத்த பாதுகாப்பு 14 விழுக்காடுதான். போர்ட்டோ ரிக்கோவில் 30-ஐ ஒட்டி. மறுபுறம், 1930-களில் வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே தொடங்கிய ஆய்வில் ஏறக்குறைய 80. ஆக, செங்கல்பட்டுக்கு முன்பே பிசிஜியின் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறித்தான் கிடந்தன. செங்கல்பட்டு அந்தச் சிதறலின் கடைசிக் கோடியில் போய் நின்றது.

இந்தத் தகவலைச் சேர்த்தவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. ‘செங்கல்பட்டில் என்ன கோளாறு?’ என்ற கேள்வி, ‘பிசிஜி சில இடங்களில் நன்றாகவும் சில இடங்களில் மோசமாகவும் வேலை செய்வது ஏன்?’ என்றாகிறது. கேள்வி சரியாக அமைந்தால்தான் விளக்கமும் சரியாக அமையும்.

நமக்குச் சாதகமான ஆய்வுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ‘எங்கள் முடிவு இவற்றோடு ஒத்துப்போகிறது’ என்று முடிப்பது ஒரு வகைத் தவறு. மிகப் புகழ்பெற்ற ஒரே ஆய்வை எதிரில் நிறுத்தி அதோடு மல்லுக்கட்டுவது இன்னொரு வகை. எண்களைப் பார்ப்பதற்கு முன்பே, எந்தெந்த ஆய்வுகளை ஒப்பிடுவோம், எந்த அளவுகோலால் தேர்ந்தெடுப்போம் என்று முடிவு செய்துகொள்வதே இதற்கு வழி. ஒத்துப்போவதும் போகாததும் அப்போது தாமாகவே உள்ளே வந்துவிடும்.

ஒப்பிடுவது ஒரே பொருளைத்தானா?

இரண்டு ஆய்வின் தலைப்பிலும் ‘பிசிஜி, காசநோய்’ என்று இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு, என்ன கொடுத்து, எதை நோய் என்று எண்ணி, எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்று இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். அவர்களுக்கு முதலில் கையில் டியூபர்குலின் ஊசி போட்டுத் தோல் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். காசநோய்க் கிருமியோ அதன் உறவுக் கிருமிகளோ ஏற்கெனவே உடலுக்குள் நுழைந்திருந்தால் தோல் தடிக்கும். முதலில் குறைந்த அளவில் போட்டு, அதற்குத் தடிக்காதவர்களுக்கு மிக அதிக அளவில் மறுபடியும் போட்டார்கள். அதற்கும் தடிக்காதவர்கள்தான் பிசிஜி ஒப்பீட்டுக்குள் வந்தார்கள். கிருமியின் பரிச்சயமே இல்லாத உடல்களாகப் பார்த்து வடிகட்டினார்கள் என்று சொல்லலாம்.

செங்கல்பட்டில் ஒரு மாதக் குழந்தை முதல் எல்லா வயதினரும் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கும் தோல் சோதனை நடந்தது. கிருமி தொற்றாதவர்கள் என்று கருதப்பட்டவர்களைத் தனியே பிரித்தும் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் குறைந்த அளவு டியூபர்குலினுக்குத் தடிப்பு சிறியதாக இருந்தாலே ஒருவர் அந்தப் பிரிவுக்குள் வந்துவிடுவார். பிரிட்டனின் இரண்டாம் வடிகட்டி இங்கே இல்லை. இந்த வேறுபாடு பின்னால் மிக முக்கியமாகப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயை எண்ணிய விதமும் வேறு. செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, கிருமி கண்டறியப்பட்ட நுரையீரல் காசநோயையே முதன்மையாக எண்ணினார்கள். பெரியவர்களுக்கு இது கச்சிதமான அளவுகோல். சிறு குழந்தைகளால் சளியைக் காறித் துப்ப முடியாது, அவர்களுடைய காசநோயில் கிருமிகளும் குறைவாகவே வெளிப்படும். எனவே குழந்தை நோயாளிகள் பலர் அந்தக் கணக்கில் விழாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தேடிப் பிடிப்பதற்காக அந்த ஆய்வு அமைக்கப்படவும் இல்லை.

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சோதனை

இப்போது விளக்கத்துக்கு வருவோம். விவாதப் பகுதியின் நேர்மை இங்கேதான் தெரியும். ஒரு காரணத்தைச் சொன்னவுடன், ‘இதுதான் காரணம் என்றால் வேறு எதெல்லாம் நடந்திருக்க வேண்டும்? அது நடந்ததா?’ என்று அடுத்த வரியிலேயே கேட்க வேண்டும். நம் ஆய்வுக்குப் பெருமை சேர்க்கும் காரணத்துக்கும் சங்கடம் தரும் காரணத்துக்கும் ஒரே கேள்விதான்.

முதல் சந்தேகம் நம் பக்கத்து மேல். ஊசி மருந்து வீரியம் இழந்திருக்குமோ? வெயில் கொளுத்தும் ஊர், கிராமம் கிராமமாக மருந்தைக் கொண்டுபோக வேண்டும். அப்படி இருந்தால் ஊசி போட்ட பிறகும் தோல் சோதனையில் மாற்றம் வந்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டரை மாதத்தில் சோதித்தபோது, பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் நன்றாகவே தடித்தது. செத்த மருந்து அதைச் செய்யாது. அதோடு டேனிஷ், பாரிஸ் என்று இரண்டு வகை பிசிஜி, ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு எனச் சோதித்தும் முடிவு மாறவில்லை. எனவே ‘மருந்து கெட்டுப்போனது’ என்ற விளக்கம் பலவீனமடைகிறது. ஆனால் முழுக்க விழுந்துவிடவில்லை. இரண்டரை ஆண்டில் அந்தத் தோல் தடிப்பு வெகுவாக மங்கியிருந்தது. மேலும், தோல் தடிப்பதும் நோயிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பத்தி நியாயமான பத்தி.

இரண்டாவது சந்தேகம் எதிர்ப் பக்கத்து மேல். செங்கல்பட்டில் வெற்று ஊசி இருந்தது, பிரிட்டனில் இல்லை, ஊசி போடாத குழு மட்டும்தான். ‘எங்கள் முறை மேலானது, ஆகவே எங்கள் முடிவே சரி’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். சோதித்துப் பாருங்கள். வெற்று ஊசி இல்லாததால்தான் பிரிட்டனில் பலன் ஊதிப் பெரிதானது என்றால், வெற்று ஊசி வைத்து நடந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியக் கூடாது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கு உப்புநீர் ஊசி போட்டார்கள். அங்கும் பலன் 80-ஐ ஒட்டியே வந்தது. எனவே முறையின் ஏற்றத்தாழ்வு மட்டும் இந்த இடைவெளியை விளக்காது. அண்டை வீட்டு ஆய்வின் குறையைச் சுட்டுவது தவறில்லை. அந்தக் குறை எந்தத் திசையில், எவ்வளவு தூரம் முடிவைத் தள்ளியிருக்கும் என்று சொல்லாமல் சுட்டுவதுதான் தவறு.

மூன்றாவது விளக்கம் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிகள் பற்றியது. காசநோய்க் கிருமிக்கு உறவான, பெரும்பாலும் தீங்கு செய்யாத கிருமிகள் வெப்பமான நாடுகளில் ஏராளம். சிறுவயதிலேயே அவை உடலுக்குப் பழக்கமாகிவிடுகின்றன. அந்தப் பழக்கமே ஓரளவு பாதுகாப்பு தந்துவிட்டால், பிசிஜி புதிதாகச் சேர்ப்பதற்கு அதிகம் இருக்காது. அல்லது அந்தப் பழக்கத்தால் உடல் பிசிஜியை வேரூன்ற விடாமலும் செய்யலாம். இது செங்கல்பட்டுக்குப் பிறகு அவசரத்தில் கண்டுபிடித்த சாக்கு அல்ல. 1966-லேயே பாமர், லாங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கினிப் பன்றிகளில் இதைக் காட்டியிருந்தனர்: இத்தகைய கிருமிகள் தொற்றிய விலங்குகளுக்கு ஓரளவு பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது, பிசிஜி அதற்கு மேல் சேர்த்தது குறைவு. முடிவைப் பார்த்த பிறகு பிறந்த விளக்கத்தைவிட, முன்பே சொல்லப்பட்ட விளக்கத்துக்கு மதிப்பு அதிகம். எது எப்போது சொல்லப்பட்டது என்பதை விவாதப் பகுதியில் மறைக்காமல் எழுத வேண்டும்.

இதற்கும் சோதனை உண்டு. இந்த விளக்கம் சரியானால், அத்தகைய கிருமிகள் மலிந்த இடங்களில் எல்லாம் பிசிஜி தடுமாற வேண்டும். செங்கல்பட்டு மக்களிடம் இந்தக் கிருமிகளால் வரும் தோல் எதிர்வினை மிகப் பரவலாக இருந்தது. குறைந்த பலன் காட்டிய ஜார்ஜியா, அலபாமாவும் அமெரிக்காவின் வெப்பமான தெற்குப் பகுதிதான். இதுவரை பொருந்துகிறது. இன்னும் நேரடியான சோதனை, செங்கல்பட்டிலேயே அந்தக் கிருமிகளின் பழக்கம் இல்லாதவர்களைத் தனியே பிரித்து, அவர்களுக்குப் பலன் இருந்ததா என்று பார்ப்பது. ஆனால் பழக்கம் மிகப் பரவலாக இருக்கும் ஊரில் அது இல்லாதவர்களைப் போதிய எண்ணிக்கையில் எங்கே தேடுவது? எனவே அந்த ஆய்வின் தரவை மட்டும் வைத்து இந்த விளக்கத்தை நிறுவிவிட முடியாது. ‘இதுவே காரணம்’ என்று எழுத அனுமதி இல்லை. ‘கிடைத்த சான்றுகளோடு நன்றாகப் பொருந்தும் விளக்கம் இது, இதை நேரடியாகச் சோதிக்க எங்களால் முடியவில்லை’ என்று எழுத முழு அனுமதி உண்டு.

நான்காவதாக, கிருமி பரவும் வேகம். நோய் மலிந்த ஊரில் ஒருவருக்குள் கிருமி ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப நுழையும். முதல் முறை நுழைந்த கிருமி உடலெங்கும் பரவாமல் தடுப்பதுதான் பிசிஜியின் வேலை என்றால், பிற்பாடு மறுபடி தொற்றி வரும் நோயை அது தடுக்காமல் போகலாம். இதோடு, தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் கினிப் பன்றிகளில் வீரியம் குறைந்தவையாக இருந்தன என்ற பழைய சென்னை ஆய்வுகளின் முடிவும் பேசப்பட்டது. இவை மூன்றாவது விளக்கத்துக்குப் போட்டி அல்ல, அதோடு சேர்ந்தும் இருக்கலாம். விளக்கங்கள் பல இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் மாலை போட வேண்டிய கட்டாயம் ஆய்வாளருக்கு இல்லை. எதற்கு எவ்வளவு சான்று என்று வரிசைப்படுத்தினால் போதும்.

பின்னாளில் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து ஒரு முடிவு வந்து இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. அங்கு ஒரே மக்களிடம் பிசிஜி தொழுநோயை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது, காசநோயைக் குறைக்கவில்லை என்று 1992-இல் எழுதினார்கள். ஒரே ஊசி, ஒரே ஊர், இரண்டு நோய், இரண்டு விடை. ஊசி வேலை செய்யும் ஊசிதான். எந்த நோயை எதிர்த்து, எந்தச் சூழலில் என்பதைப் பொறுத்துத்தான் பலன் மாறுகிறது.

அடையாளம் வேறு, காரணம் வேறு

1994-இல் பிசிஜி ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பாதுகாப்பு 50 விழுக்காடு என்று வந்தது. ஆய்வுகளுக்கு இடையிலான சிதறலில் 66 விழுக்காட்டை இரண்டே விஷயங்கள் விளக்கின: நிலநடுக்கோட்டிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம், ஆய்வின் தரம் எப்படி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரம் எந்த உடலுக்குள்ளும் போய் எதையும் செய்வதில்லை. அது வேறு ஏதோ ஒன்றின் அடையாளம். மண்ணில் உள்ள கிருமிகள், வெப்பம், வறுமை, தொற்றின் வேகம் எல்லாம் அதோடு சேர்ந்தே மாறுகின்றன. ‘செங்கல்பட்டு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பலன் இல்லை’ என்று எழுதினால், விளக்கம் சொன்னதுபோல இருக்கும், விளங்கியது எதுவும் இருக்காது. நம் துறைகளில் ‘கிராமப்புறம்’, ‘சமூகப் பொருளாதார நிலை’, ‘பண்பாட்டு வேறுபாடு’ போன்ற சொற்களும் இப்படித்தான் பயன்படுகின்றன. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எது, எந்த வழியாக முடிவை மாற்றியது என்று அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், அது அடையாளம் மட்டுமே என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

சராசரியிலும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் 80, மறுபக்கம் பூஜ்யம் என்று கிடக்கும்போது 50 என்ற சராசரி எந்த ஊருக்கும் உரியதல்ல. ‘உலகச் சராசரி 50, எங்களுக்குக் குறைவு’ என்ற ஒப்பீடு அர்த்தமற்றது.

ஒரே பத்தி, இரண்டு விதம்

இதையெல்லாம் ஒரு பத்தியில் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? முதலில் வழக்கமான விதம்:

‘எங்கள் ஆய்வில் பிசிஜி பலனளிக்கவில்லை. இது பிரிட்டன் ஆய்வுக்கு முரணானது. அந்த ஆய்வில் வெற்று ஊசி பயன்படுத்தப்படவில்லை. மேலும் தட்பவெப்பமும் மக்கள்தொகையும் வேறு. எனவே பிசிஜி இந்தியாவுக்கு ஏற்றதல்ல.’

இப்போது இன்னொரு விதம். மூல அறிக்கையின் வாசகம் அல்ல இது, அதன் தரவையும் பின்னர் வந்தவற்றையும் வைத்து நான் எழுதிப் பார்த்தது:

‘இப்பகுதியின் பெரியவர்களுக்கு வரும், கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோயை பிசிஜி குறைக்கவில்லை. பிரிட்டனில் கண்ட பெரும் பாதுகாப்புக்கும் இதற்கும் உள்ள இடைவெளி தற்செயலால் வரக்கூடியதைவிட மிகப் பெரியது. ஆனால் பாதுகாப்பு குறைவாக இருந்த ஆய்வுகள் அமெரிக்காவின் தெற்கிலும் உண்டு. ஊசிக்குப் பின் தோல் எதிர்வினை நன்றாக இருந்ததாலும், இரு வகை மருந்துக்கும் முடிவு ஒன்றாக இருந்ததாலும், மருந்தின் வீரியக் குறைவு முதன்மைக் காரணமாகத் தோன்றவில்லை. எனினும் அந்த எதிர்வினை விரைவில் மங்கியது. பிரிட்டன் ஆய்வு முன்தொற்று உள்ளவர்களைக் கடுமையாக வடிகட்டியது, எங்கள் ஆய்வு அந்த அளவுக்கு வடிகட்டவில்லை. சுற்றுப்புறக் கிருமிகளின் பழக்கம் இங்கு பரவலாக இருப்பது சான்றுகளோடு பொருந்தும் விளக்கம், ஆனால் அதை எங்கள் தரவால் நேரடியாகச் சோதிக்க இயலவில்லை. குழந்தைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்திருக்கலாம். குழந்தைகளின் கடுமையான காசநோய் வகைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.’

இரண்டாவது பத்தி நீளம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் யாராவது தரவைக் கொண்டு மறுக்க முடியும். முதல் பத்தியில் கடைசி வாக்கியம் தவிர மறுக்க எதுவும் இல்லை, அந்தக் கடைசி வாக்கியமோ தவறு.

ஏன் தவறு? பெரியவர்களின் நுரையீரல் நோயை அளந்துவிட்டு, ஊசியையே தள்ளுபடி செய்கிறது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் வகையையும் பிசிஜி நன்றாகத் தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் வலுவான சான்று உண்டு. செங்கல்பட்டு முடிவு வந்த பிறகும் பச்சிளங் குழந்தைகளுக்கு பிசிஜி போடுவது நிறுத்தப்படவில்லை, இன்றும் நம் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. செங்கல்பட்டு ஆய்வுக்கும் இந்த நடைமுறைக்கும் முரண்பாடு இல்லை. முதல் பத்திக்கும் இந்த நடைமுறைக்கும்தான் முரண்பாடு. விவாதப் பகுதியில் எழுதும் ஒரு அகலமான வாக்கியம், ஆய்வு அளக்காத ஒன்றின் மேல் தீர்ப்பாகப் போய் விழும்.

தோல் சோதனையின் வடிகட்டியை நினைவில் வைக்கச் சொன்னேன். 2014-இன் தொகுப்பாய்வு அதைத்தான் கையில் எடுத்தது. ஒவ்வொரு ஆய்வும் ஊசிக்கு முன் எவ்வளவு கடுமையாக வடிகட்டியது, எந்த வயதில் போட்டது என்று பிரித்துப் பார்த்தார்கள். கடுமையாக வடிகட்டிய பள்ளி வயதினரிடம், ஊசி போடாதவர்களில் 100 பேருக்கு நோய் வரும் இடத்தில் ஊசி போட்டவர்களில் 26 பேருக்குத்தான் வந்தது. பிறந்தவுடன் போட்ட குழந்தைகளில் 41 பேருக்கு. உடலுக்குக் கிருமிகளின் பழக்கம் ஏற்படும் முன்பே போட்டால் பிசிஜி நன்றாக வேலை செய்கிறது என்ற திசையை இது காட்டுகிறது. மண்ணின் கிருமிகள் ஊசியின் பலனை மறைத்தனவா, அதன் வேலையைத் தடுத்தனவா என்பதை இது தீர்த்துவைக்கவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத் தேவைப்பட்டது, யாரைச் சேர்த்தோம், எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு வரை ஏற்றோம், எதை நோய் என்று எண்ணினோம் என்று பழைய ஆய்வாளர்கள் எழுதி வைத்திருந்த விவரங்கள். ‘மக்கள்தொகை வேறுபாடு காரணமாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், செங்கல்பட்டின் பூஜ்யத்தை எந்தப் பிரிவில் வைப்பது என்றே பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆய்வேடு எழுதும் மாணவர் அந்த வாக்கியத்தை அடிக்கும்போது செய்ய வேண்டியது இதுதான்: ‘வேறுபாடு’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த வேறுபாடு, எவ்வளவு, எந்தப் பக்கம் தள்ளியிருக்கும், எதைக் கொண்டு சோதித்தேன் என்ற நான்கையும் எழுத வேண்டும். நான்காவதற்கு விடை இல்லையென்றால், சோதிக்கவில்லை என்றே எழுத வேண்டும்.